மிளகாய் காந்தினால் தண்ணீர் வேண்டாம், மோர் கொடுங்கள்

போன பங்குனியில் ஒரு நாள். அலங்காநல்லூர் பக்கம் எங்கள் கத்தரித் தோட்டத்தில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல் தயார் செய்துகொண்டிருந்தோம். வேலைக்கு வரும் அக்கா ஆட்டுரலில் அரை கிலோ பச்சைமிளகாயைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நாலு வயசுப் பேரன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்காத நேரத்தில் கீழே கிடந்த ஒரு மிளகாயை எடுத்து, வெண்டைப்பிஞ்சு மாதிரி நறுக்கென்று கடித்துவிட்டான்.

அப்புறம் என்ன, தோட்டமே அதிர்ந்தது. நான் ஓடிப்போய் பம்புசெட்டில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குடித்தான். குடிக்கிற வரைக்கும் அழுகை நின்றது, செம்பை எடுத்ததும் முன்னைவிட அதிகமாகக் கத்தினான். இரண்டாவது செம்பு, மூன்றாவது செம்பு, அதே கதை. 32 வருஷம் வங்கியில் உத்தியோகம் பார்த்தவன், பட்டதாரி, எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

களத்து மேட்டில் இருந்து பையனோட அப்பத்தா வந்தார். "தண்ணியக் குடுத்தா நிக்குமாய்யா? அந்தத் தூக்குவாளிய எடுங்க" என்றார். மத்தியானச் சோற்றுக்கு வைத்திருந்த கெட்டி மோர். ஒரு வாய் ஊற்றி, "முழுங்காதடா, வாயிலயே வச்சிரு" என்று தாடையைப் பிடித்துக்கொண்டார். அதைத் துப்ப வைத்தார். மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு வாய். நாலாவது வாயில் அழுகை விம்மலாக மாறியது. பத்து நிமிஷத்தில் பையன் ஓணான் பிடிக்கப் போய்விட்டான்.

அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூட வாசம் கிடையாது. ஆனால் அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும், கெட்டி மோர், விழுங்காமல் வைத்திருப்பது, துப்புவது, திரும்பத் திரும்பக் கொடுப்பது என்று எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மிளகாய் விளைவிக்கிறவர்கள், பறிக்கிறவர்கள், அரைக்கிறவர்கள் நாம்தானே.

தண்ணீர் ஏன் தோற்கிறது?

மிளகாயில் உறைப்பைத் தருவது கேப்சைசின் என்ற பொருள். இது விதையில் இருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் அது உருவாகிறது. விதைக்கு வரும் உறைப்பு அதிலிருந்து ஒட்டியதுதான். பையன் மிளகாயின் நுனியை மட்டும் கடித்திருந்தால் இவ்வளவு கத்தியிருக்க மாட்டான். காம்புப் பக்கம் கடித்திருக்கிறான், வெள்ளைச் சதை கெட்டியாக இருக்கும் இடம்.

இந்தக் கேப்சைசினுக்கு ஒரு தலை, ஒரு நீண்ட வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் எண்ணெய்த் தன்மை உடையது. அதனால் முழுப்பொருளும் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. தாளித்த எண்ணெய் ரசத்தின் மேலே வட்டம் வட்டமாக மிதக்கிறதே, அதேதான். கையில் விளக்கெண்ணெய் பட்டால் வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பிசுக்கு எங்கே போகிறது? நாக்கில் படிந்த கேப்சைசினும் அப்படித்தான். தண்ணீர் அதன்மேல் ஓடிப் போகும். அதைக் கூட்டிக்கொண்டு போகாது.

அப்படியானால் குடிக்கும்போது மட்டும் ஏன் சுகமாக இருக்கிறது? அதற்கும் பதில் இருக்கிறது. மிளகாய் சுடுவது நிஜமான சூடு இல்லை. நம் நாக்கில் சூட்டைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் உண்டு. அவற்றில் ஒரு வாசல் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்துகொண்டு "சுடுது, சுடுது" என்று தகவல் அனுப்பும். கேப்சைசின் போய் அதே வாசலில் உட்கார்ந்து, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் குழு இந்த வாசலை 1997இல் கண்டுபிடித்தது. அவர்கள் அதைத் தேடியதே கேப்சைசினைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான். இந்த வேலைக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், தொடுகை உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படபூட்டியன் என்பவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

பம்புசெட்டுத் தண்ணீரின் குளிர்ச்சி அந்த வாசலைக் கொஞ்ச நேரம் சாத்தி வைக்கிறது. தண்ணீர் தொண்டைக்குள் இறங்கி நாக்கு பழைய சூட்டுக்கு வந்ததும் வாசல் மறுபடி திறக்கிறது. ஏனென்றால் கேப்சைசின் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. உறைத்த வாயோடு சுடு டீ குடித்தால் உயிர் போகிற மாதிரி இருப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பறவைகளுக்கும் இதே வாசல் உண்டு, ஆனால் அது கேப்சைசினுக்குத் திறப்பதில்லை. அதனால்தான் கிளி வந்து பழுத்த மிளகாயைக் கொத்திவிட்டு, மோரும் கேட்காமல் தண்ணியும் கேட்காமல் பறந்து போகிறது.

பாலில் இருக்கும் பிடிமானம்

பாலில் கொழுப்பு இருக்கிறது, கேப்சைசின் கொழுப்பில் கரைகிறது, ஆகவே பால் காந்தலைத் தணிக்கிறது. நானும் முதலில் இப்படித்தான் முடிவு கட்டினேன். அரைவாசி சரி. ஆனால் அப்பத்தா கொடுத்தது மோர் ஆயிற்றே. காலையில்தான் கடைந்து வெண்ணெயை எடுத்திருந்தார்கள். கொழுப்பு பெரும்பாலும் போய்விட்ட மோர் எப்படி வேலை செய்தது?

2019இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 72 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லாருக்கும் காரமான தக்காளிச் சாறு கொடுத்து, அதன்பின் ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பானம். தண்ணீர், சோடா, கோலா, முழுக்கொழுப்புப் பால், கொழுப்பு எடுத்த பால் என்று ஏழு வகை. காந்தல் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று குறித்தார்கள். பால்தான் நன்றாக வேலை செய்தது. ஆனால் முழுக்கொழுப்புப் பாலுக்கும் கொழுப்பு எடுத்த பாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேலை செய்வது பெரும்பாலும் கொழுப்பு இல்லை, புரதம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். இனிப்பான ஒரு பழச்சுவைப் பானமும் பாலுக்கு அருகில் வந்தது. இனிப்பு சாப்பிட்டால் உறைப்பு அடங்கும் என்று நம் வீட்டில் வெல்லக்கட்டி கொடுப்பது வீண் இல்லை. சோடா, கோலா வகைகள் பின்தங்கிவிட்டன.

அந்தப் புரதத்தின் பெயர் கேசீன். பசும்பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு இதுதான். 100 மில்லி பசும்பாலில் சுமார் இரண்டரை கிராம் இருக்கும், எருமைப்பாலில் இன்னும் கூடுதல். பால் வெள்ளையாகத் தெரிவதற்குப் பெரிய காரணமும் கேசீன்தான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக அது பால் முழுக்க மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் ஐயாயிரம், பத்தாயிரம் உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சின்னது.

கேசீன் ஒரு நீளமான சங்கிலி. சங்கிலியின் சில கண்ணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சில கண்ணிகளுக்குத் தண்ணீர் ஆகாது. ஆகாத பகுதிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உள்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், பிடித்த பகுதிகள் வெளியே நிற்கும். அதனால்தான் உருண்டை அடியில் தங்காமல் மிதக்கிறது. கேப்சைசினின் எண்ணெய் வாலுக்கும் தண்ணீர் ஆகாது. எச்சிலில் ஒண்ட இடமில்லாமல் நிற்கும் அந்த வால், கேசீன் உருண்டையில் தன்னைப் போன்ற இடத்தைக் கண்டதும் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. சோப்பு அழுக்கைப் பிடிக்கும் அதே வழிதான். ஒட்டிக்கொண்ட கேப்சைசின் வாசலில் போய் உட்கார முடியாது. அப்புறம் துப்பினாலும் விழுங்கினாலும் உருண்டையோடு சேர்ந்து போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேசீன் கேப்சைசினை அழிப்பதில்லை. பலமாகக் கட்டிப்போடுவதும் இல்லை. சும்மா ஒட்டியிருக்கிற உறவுதான். அதோடு, ஏற்கெனவே நாக்கின் தோலுக்குள் இறங்கிவிட்ட கேப்சைசினை மோர் உள்ளே புகுந்து இழுக்காது. எச்சிலில் இருப்பதை மோர் காலி செய்யும்போது, உள்ளே இருப்பது மெல்ல மெல்ல வெளியே வரும். பழைய தொழில் பாஷையில் சொன்னால், ஒரே தவணையில் அடைகிற கடன் இல்லை இது. அதனால்தான் முதல் வாயில் நிற்காமல் நாலாவது வாயில் நின்றது. "முழுங்காதடா" என்று அந்த அம்மா தாடையைப் பிடித்ததற்கும் இதுதான் கணக்கு. ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டாமா? ஒரு வாய்க்கு அரை நிமிஷம் வைத்திருந்தால் நல்லது.

மோர் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? ஒரு டம்ளர், அதாவது 150 மில்லி பாலில் கிட்டத்தட்ட 4 கிராம் கேசீன் இருக்கும். தயிரிலும் அப்படியே இருக்கும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு சித்திரைத் திருவிழாப் பந்தலில் ஊற்றுகிற நீர்மோரில் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு பச்சைமிளகாயில் உள்ள கேப்சைசின் சில மில்லிகிராம்தான் என்றாலும், வாயில் நிற்கிற அரை நிமிஷத்தில் அது ஒட்டுவதற்கு எவ்வளவு உருண்டைகள் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே தாகத்துக்கு நீர்மோர், காந்தலுக்குக் கெட்டி மோரோ தயிரோ.

எங்கள் வீட்டுச் சோதனை

படித்ததோடு விட மனசில்லை. கேசீன்தான் காரணம் என்றால், கேசீனை எடுத்துவிட்ட பால் வேலை செய்யக்கூடாது அல்லவா? காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது. திரண்டு வரும் கட்டிதான் கேசீன். காய்ச்சின பால் என்பதால் மற்றப் புரதங்களும் பெரும்பாலும் அந்தக் கட்டியோடேயே போய்விடும். அதை வெள்ளைத் துணியில் வடிகட்டினால் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு தண்ணீர் நிற்கும். கட்டியைப் பன்னீராகச் சமைக்க என் மனைவி எடுத்துக்கொண்டார், தண்ணீரை நான் எடுத்துக்கொண்டேன்.

நானும் மனைவியும் மகனும் மருமகளும் உட்கார்ந்தோம். முண்டு வத்தல் அரைத்த துவையல் ஆளுக்குக் கால் ஸ்பூன். பிறகு பச்சைத்தண்ணி, பால், திரிந்த பாலின் தண்ணி, கெட்டி மோர் என்று நாலையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தோம். எல்லாரும் கடைசியாகக் குடித்ததற்கே அதிக மார்க் போட்டார்கள். மகன் வரிசையை மாற்றித் தண்ணீரைக் கடைசியாகக் குடித்தான், தண்ணீருக்கு முதல் மார்க் கொடுத்தான்! அப்போதுதான் தப்பு புரிந்தது. காந்தல் எப்படியும் நேரம் போகப் போகத் தானாக இறங்கும். அது மட்டுமில்லை, தொடர்ந்து உறைப்பு பட்டால் அந்த நரம்பு நுனிகளே கொஞ்ச நேரம் மரத்துவிடும். கடைசியில் வருகிறவனுக்குச் சும்மா பேர் கிடைக்கிறது. தோட்டத்திலும் இது நடப்பதுதானே? பூச்சி தானாகக் குறைகிற வாரத்தில் நாம் ஒரு கரைசலை அடித்துவிட்டு, கரைசல்தான் கேட்டது என்று சொல்லிக்கொள்வோம்.

அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்தோம். ஒரு நாளைக்கு ஒரு பானம் மட்டும். எல்லாமே பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. துவையல் அளவு ஒன்றே. அரை நிமிஷம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும், மூன்று தடவை. காந்தல் பாதியாகிவிட்டது என்று தோன்றும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்தோம். பாலுக்கும் மோருக்கும் நாலு பேரிடமும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் சீக்கிரம் அடக்கின. திரிந்த பாலின் தண்ணி கிட்டத்தட்டப் பச்சைத்தண்ணி மாதிரியேதான், துப்பியதும் காந்தல் திரும்பி வந்தது. மருமகளுக்கு மட்டும் அது கொஞ்சம் தேவலை என்று பட்டது. நாலு பேர் வீட்டில் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாலில் கட்டியை எடுத்ததும் பலன் போனதை என் நாக்கே சொன்னது.

அன்றிலிருந்து விளக்குத்தூண் பக்கம் போகும்போது ஜிகர்தண்டாவைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. சுண்டக் காய்ச்சின பால், அதில் கேசீன் செறிந்திருக்கும். நன்னாரி சர்பத்தின் இனிப்பு, ஐஸின் குளிர்ச்சி. காந்தலுக்கு எதிரான மூன்றும் ஒரே டம்ளரில். ராத்திரி கறிதோசை சாப்பிட்டுவிட்டு அங்கே போய் நிற்கிற மதுரைக்காரன் விவரமானவன்தான்.

தேங்காய்ப்பாலுக்குப் பால் என்று பெயர் இருந்தாலும் அதில் கேசீன் கிடையாது. கொழுப்பு இருப்பதால் ஓரளவு உதவும், அவ்வளவுதான். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை வாயில் விட்டுச் சுழற்றித் துப்பிவிட்டு, ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொள்ளலாம்.

கைக்கு வேறு, கண்ணுக்கு வேறு

பையன் ஓடிப்போன பிறகு அவன் பாட்டி கையைக் காட்டினார். மிளகாய் ஆட்டிய கை சிவந்துபோயிருந்தது. கைக்காந்தலுக்கு மோரில் முக்கினால் இதமாக இருக்கும், ஆனால் தோலில் ஊறியதை எடுப்பதற்கு எண்ணெய்தான் சரி. தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ நிறைய விட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, பழைய துணியில் துடைத்து எடுக்க வேண்டும். துணியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். இப்படி இரண்டு தடவை செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். 1987இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், மிளகாய் உரித்துக் கை காந்தியவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் உடனடியாகவும், தாவர எண்ணெய் நீடித்தும் சுகம் தந்ததாகக் கண்டார்கள். இரண்டையும் செய்யலாம், ஆனால் எண்ணெய் முதலில்.

கண்ணில் பட்டால் இது எதுவும் வேண்டாம். சில மாதம் கழித்துக் கரைசல் தெளிக்கும்போது காற்று திரும்பி ஒரு தம்பியின் கண்ணில் பட்டுவிட்டது. பாலின் பெருமையைப் படித்த மிதப்பில் "பால் ஊத்துங்கப்பா" என்று சொன்னவன் நான்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அம்மா என்னைத்தான் திட்டினார்கள். கறந்த பாலில் கிருமி இருக்கும், கண்ணில் ஊற்றினால் எரிச்சலோடு சீழும் சேரும் என்றார்கள். 2008இல் 49 தன்னார்வலர்கள் முகத்தில் மிளகாய்ச் சாறு தெளிப்பானை அடித்து, பால், தண்ணீர், குழந்தை ஷாம்பு உட்பட ஐந்து வகை வைத்தியம் பார்த்தபோது ஒன்றுக்கு ஒன்று வித்தியாசமே தெரியவில்லை. நேரம் போனதும்தான் அடங்கியது. ஆகவே கண்ணுக்குச் சுத்தமான தண்ணீர் மட்டும். கசக்காமல், கண்ணைத் திறந்தபடி ஒரு கால் மணி நேரம் மெல்ல ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகும் பார்வை மங்கலாக இருந்தாலோ கூச்சம் குறையாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, கரைசல் தயாரிக்கிறவர்களுக்கு. மிளகாய்க் கரைசலில் காதி சோப்பு கலக்கச் சொல்வதன் ஒரு காரணம் இப்போது தெரிந்திருக்கும். தண்ணீரில் கரையாத கேப்சைசினைத் தொட்டி முழுக்கப் பரப்புவது அந்தச் சோப்புதான். சோப்பு சேர்க்காமல் அடித்தால் உறைப்பு சக்கையிலும் மேலே மிதக்கிற பிசுக்கிலும் நின்றுவிடும், டேங்கின் ஆரம்பத்தில் அடித்த செடிக்கும் கடைசியில் அடித்த செடிக்கும் ஒரே அளவு போகாது. அதேபோல, வளர்ச்சிக்காகத் தேமோர்க் கரைசல் அடிக்கிறவர்கள் வேலை மிச்சம் என்று அதை மிளகாய்க் கரைசலோடு ஒரே டேங்கில் ஊற்றுகிறார்கள். நான் இப்போது ஊற்றுவதில்லை. பையன் வாயில் காந்தலை அடக்கிய அதே மோர் டேங்குக்குள்ளும் அதே வேலையைத்தானே பார்க்கும்? மிளகாய்க் கரைசல் ஒரு நாள், தேமோர் நாலு நாள் கழித்து.

இப்போதெல்லாம் ஆட்டுரல் பக்கத்தில் ஒரு கிண்ணம் கடலை எண்ணெயும், நிழலில் ஒரு தூக்குவாளி கெட்டி மோரும் வைத்துவிட்டுத்தான் மிளகாய் ஆட்டத் தொடங்குகிறோம். அக்கா முதலில் கையில் எண்ணெய் பூசிக்கொள்கிறார். பேரன் மட்டும் உரல் பக்கமே வருவதில்லை. தூரத்தில் நின்றபடி, "பாட்டி, மோரு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.